சரணத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

கார்ட்டூன் படத்தில் பாட்டு எதற்கு, கதை ஓடிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்து நிற்கிறது என்று நம் வயதுக்காரர்கள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாட்டு வந்தால் எழுந்து போய் காபி போட்டுக்கொண்டு வரலாம் என்பது அவர்கள் கட்சி. இன்னொரு கட்சி, பாட்டு இருக்கட்டும், ஆனால் அதில் கவிதை இருக்கவேண்டும், நிலவும் தென்றலும் இல்லாமல் என்ன பாட்டு என்று கேட்கிறது. இரண்டு கட்சியோடும் எனக்குச் சண்டை உண்டு. முதல் கட்சி கெட்ட பாட்டைப் பார்த்துவிட்டு எல்லாப் பாட்டையும் திட்டுகிறது. இரண்டாவது கட்சி அந்தக் கெட்ட பாட்டுக்கே மாலை போடுகிறது.

வேலையில் இருந்த காலத்தில் வெளிநாட்டு கார்ட்டூன்களுக்குத் தமிழ் வசனமும், வேண்டும்போது பாட்டும் எழுதினேன். ஒரே பாட்டை நாள் முழுக்க ஓட்டி ஓட்டிக் கேட்கிற பிழைப்பு அது. அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் உரத்துப் பேச எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

என் வாதம் இதுதான். வரைந்து எடுக்கும் படத்தில் பாட்டு ஒரு காட்சி. காட்சிக்கு உள்ள கடமை அதற்கும் உண்டு. பாட்டின் முதல் அடியில் இருந்த நிலைமை கடைசி அடியில் இருக்கக்கூடாது. ஒருவர் ஒரு முடிவு எடுத்திருக்கவேண்டும், அல்லது ஒன்றை இழந்திருக்கவேண்டும், அல்லது தெரியாத ஒன்று தெரிந்திருக்கவேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லையென்றால் வரிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது காபி போடப் போகிற நேரம்தான்.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த சங்கதி என்று யாரும் நினைக்கவேண்டாம். 'வள்ளி திருமணம்' நாடகத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் யாராவது எழுந்து போவார்களா? ஒருவர் பாட்டால் மடக்க, மற்றவர் பாட்டாலேயே திருப்பி அடிப்பார். அங்கே பாட்டுதான் சம்பவம். சினிமா வளர்ந்தபோது பாட்டைத் தனியே தட்டில் எடுத்து வைத்துப் பரிமாறப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தைக் கார்ட்டூனுக்கும் கொண்டுபோனால் நஷ்டம் அதிகம்.

ஏன் அதிகம்? கணக்கைப் பாருங்கள். சினிமா ஒரு வினாடிக்கு 24 பிரேம். மூன்று நிமிஷப் பாட்டு என்றால் 4,320 பிரேம். கையால் வரைந்த காலத்தில், ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால்கூட, ஒரே ஒரு பாத்திரத்துக்கு 2,160 படம் வரையவேண்டும். நடிகரை நிறுத்திக் கேமராவை ஓட்டினால் ஏதோ ஒன்று பதிவாகிவிடும். வரைகிறவனுக்கு அப்படி இல்லை. பாட்டை முதலில் பதிவு செய்து, தாளத்தைப் பிரேம் கணக்காகப் பிரித்து, இந்தச் சொல்லுக்குக் கை உயரவேண்டும், இந்தச் சொல்லுக்குத் தலை திரும்பவேண்டும் என்று குறித்துக்கொண்டுதான் பென்சிலை எடுப்பான். 'தேனே மானே' என்று எழுதிக் கொடுத்தால் அவன் எதை வரைவான்? நீரோடையையும் பூவையும் வரைவான். அத்தனை உழைப்பும் கதையை ஒரு அங்குலம்கூட நகர்த்தாது.

இனி ஒரு நல்ல பாட்டைப் பிரித்துப் பார்ப்போம். டிஸ்னி நிறுவனம் 1989-ல் வெளியிட்ட 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தைப் பேரக்குழந்தைகளோடு பார்த்திருப்பீர்கள். ஏரியல் என்ற கடல்கன்னி மனித இளவரசன் எரிக்கைக் காதலிக்கிறாள். பாட்டு எழுதியவர் ஹோவர்ட் ஆஷ்மன், இசை ஆலன் மெங்கன். இருவரும் நியூயார்க் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். அதனால்தான் பாட்டைக் காட்சியாக எழுதும் வழக்கத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள்.

அந்தப் படத்தில் உர்சுலா என்ற சூனியக்காரி ஏரியலை மயக்கும் பாட்டு ஒன்று இருக்கிறது. 'புவர் அன்ஃபார்ச்சுனேட் சோல்ஸ்' என்று பெயர். நான் பார்த்தவற்றில் இதைவிடச் சுத்தமாகக் கட்டிய பாட்டு குறைவு. உண்மையில் அது ஒரு கடன்பத்திரம் எழுதும் காட்சி. படிப்படியாகப் பாருங்கள்.

முதலில் உர்சுலா தன்னைப் பற்றிப் பேசுகிறாள். முன்பு கெட்டவள்தான், இப்போது திருந்திவிட்டேன், பாவப்பட்டவர்களுக்கு உதவுவதே என் வேலை என்கிறாள். ஒல்லியான ஒருவனும் பருத்த ஒருத்தியும் அவள் தயவால் அழகாகி ஜோடி சேர்வது திரையில் தெரிகிறது. அடுத்து, ஏதோ ஒன்றிரண்டு பேர் விலை கொடுக்க முடியாமல் போனதுண்டு என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்கிறாள். அந்த ஜோடி சுருங்கிப் புழுவாகிப்போவதைப் படம் காட்டிவிடுகிறது. வாய் ஒன்று சொல்கிறது, படம் வேறொன்று சொல்கிறது. ஏரியல் கேட்பது வாயை, நாம் பார்ப்பது படத்தை. அவள் மாட்டிக்கொள்ளப்போகிறாள் என்பது அவளுக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அடுத்தது நிபந்தனை. இங்கேதான் ஆஷ்மனின் புத்தி. உர்சுலா பாடுவதை நிறுத்துகிறாள். பின்னணியில் இசை ஓடிக்கொண்டே இருக்க, நிபந்தனையைப் பேச்சாகச் சொல்கிறாள். மூன்று நாள் மனித உடல். மூன்றாம் நாள் சூரியன் மறைவதற்குள் இளவரசன் உண்மைக் காதலோடு முத்தமிடவேண்டும். நடந்தால் காலம் முழுக்க மனுஷி. நடக்காவிட்டால் மறுபடி கடல்கன்னி, அதோடு உர்சுலாவுக்கு அடிமை. மீதிப் படம் முழுக்க இந்தக் கெடுவின் மேல்தான் நிற்கிறது. ராகத்தில் இழுத்துப் பாடினால் ஒரு குழந்தைக்காவது 'மூன்றாம் நாள்' என்பது காதில் விழாமல் போகும். அதனால் தகவலைப் பேச்சுக்கு விட்டார், வற்புறுத்தலைப் பாட்டுக்கு வைத்தார். எழுதுகிறவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

பிறகு விலை. உன் குரல் வேண்டும் என்கிறாள். குரல் இல்லாமல் எப்படி என்று ஏரியல் தயங்குகிறாள். இந்தத் தயக்கத்துக்குப் பதிலாகத்தான் பாட்டு மறுபடி தொடங்குகிறது. ஆண்களுக்கு வாயாடிப் பெண்களைப் பிடிக்காது, அழகு போதும் என்ற அர்த்தத்தில் போகிறது. அதாவது இரண்டாவது சரணம் வெறும் அலங்காரத்துக்காக வரவில்லை. எதிராளி ஒரு கேள்வி கேட்டாள், அதற்கு விடையாக வருகிறது. கடைசியில் எனக்கு நேரமில்லை, சீக்கிரம் முடிவு சொல் என்று நெருக்குகிறாள். ஏரியல் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறாள். குரல் உருவிச் சிப்பிக்குள் போகிறது, வால் கால்களாகிறது.

பாட்டு தொடங்கும்போது அவளுக்குக் குரல் உண்டு, கால் இல்லை. முடியும்போது கால் உண்டு, குரல் இல்லை. இதைவிட என்ன நகர்ச்சி வேண்டும்? இந்தப் பாட்டைப் படத்திலிருந்து வெட்டினால் பிறகு வரும் ஒரு காட்சிகூடப் புரியாது.

இங்கே ஒருவர் கேட்கலாம். எல்லாப் பாட்டும் இப்படிப் பத்திரம் எழுதிக்கொண்டே இருந்தால் மனசு எங்கே, குதூகலம் எங்கே என்று. அதே படத்தில் செபாஸ்டியன் நண்டு பாடும் 'அண்டர் தி சீ' என்ற கொண்டாட்டப் பாட்டு இருக்கிறது. ஆஸ்கர் வாங்கியது. வெறும் கூத்து மாதிரித்தான் இருக்கும். ஆனால் அந்த நண்டு எதற்காகப் பாடுகிறது? தரைமேல் ஆசை வேண்டாம், கடலே சொர்க்கம் என்று ஏரியலைத் தடுக்க. மீன்களெல்லாம் ஆடி முடித்துத் திரும்பினால் ஏரியலைக் காணோம், பாட்டின் நடுவிலேயே நழுவிவிட்டாள். வாதம் தோற்றது. அதுவும் சம்பவம்தான். குதூகலத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. குதூகலத்துக்குள்ளும் ஒரு காரியம் இருக்கட்டும் என்கிறேன்.

சரி, ஒரு பாட்டு கதையை நகர்த்துகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பார்க்கிறவர் நெளிந்தால் பாட்டு சரியில்லை என்பது பட முதலாளிகளின் கணக்கு. அந்தக் கணக்கை நம்பமுடியாது. ஏரியல் தன் குகையில் மனிதர்களின் பொருட்களைக் குவித்து வைத்துக்கொண்டு ஏங்கும் 'பார்ட் ஆஃப் யுவர் வேர்ல்ட்' பாட்டு, முன்னோட்டமாகப் போட்டுக் காட்டியபோது சிறுவர்களைக் கட்டிப்போடவில்லை. டிஸ்னி ஸ்டூடியோவின் தலைவராக இருந்த ஜெஃப்ரி காட்ஸன்பர்க் அதை வெட்டிவிடலாம் என்றார். ஆஷ்மனும் இயக்குநர்களும் ஏரியலை வரைந்த கிளென் கீனும் விடாமல் போராடினார்கள். அப்போது திரையில் இருந்தது முடிவடையாத கோட்டுப்படம். வண்ணமும் அசைவும் சேர்ந்த பிறகு போட்டுக் காட்டியபோது பாட்டு நின்றது. அதை எடுத்திருந்தால் அவளுக்கு என்ன வேண்டும் என்பதே நமக்குத் தெரியாது. பிறகு எதற்காகக் குரலை விற்கிறாள் என்றும் புரியாது. அதே மெட்டு, அவள் எரிக்கைக் கரைசேர்த்த பிறகு மறுபடி வருகிறது. முதலில் ஓர் உலகத்தை விரும்பினாள், இப்போது ஒரு மனிதனை விரும்புகிறாள். ஒரே மெட்டில் ஆசையின் திசை மாறிவிட்டது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு உதாரணம் உண்டு. அதே இருவர் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்துக்காக 'ஹியூமன் அகெய்ன்' என்று ஒரு நீளமான பாட்டு எழுதினார்கள். சாபத்தால் மெழுகுவத்தித் தண்டாகவும் கடிகாரமாகவும் ஆன வேலைக்காரர்கள், மறுபடி மனிதரானால் என்னென்ன செய்வோம் என்று கனவு காண்பார்கள். அருமையான பாட்டு. ஆனால் அது ஓடும்போது கதையில் மாதங்கள் ஓடிவிடும். அப்படியானால் மகளைத் தேடிக் காட்டில் அலையும் அப்பா இத்தனை மாதமும் எங்கே இருந்தார் என்ற கேள்வி வந்தது. பாட்டை எடுத்துவிட்டு 'சம்திங் தேர்' என்ற சிறிய பாட்டைப் போட்டார்கள். அதில் அழகியும் மிருகமும் பனியில் விளையாடிக்கொண்டே, ஒருவரைப் பற்றி மற்றவர் நினைப்பு மாறுவதை உணர்கிறார்கள். பாட்டுக்கு முன் பயம், பாட்டுக்குப் பின் நேசம். அந்தப் படம் 1991 நவம்பரில் வெளிவருவதற்கு முன்பே, மார்ச் மாதத்தில் ஆஷ்மன் இறந்துபோனார். எடுக்கப்பட்ட பாட்டு பிறகு மேடை நாடகத்தில் இடம் பிடித்தது, 2002-ல் மறுவெளியீட்டில் படத்துக்குள்ளும் வந்தது. கேட்டுப் பாருங்கள், குறை சொல்ல முடியாது. ஆனாலும் அன்றைக்கு எடுத்தது சரி என்பதே என் கட்சி.

ஆக, நெளிவதை வைத்தும் அளக்க முடியாது, அழகை வைத்தும் அளக்க முடியாது. நான் கையாண்ட சோதனை மிக எளியது. சரணங்களின் வரிசையை மாற்றிப் போட்டுப் பாருங்கள். மூன்றாவதை முதலில் பாடினாலும் ஒன்றும் கெடவில்லையென்றால் அந்தப் பாட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது.

நம் எல்லோருக்கும் தெரிந்த பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்வோம். கார்ட்டூனுக்கென்றே செய்த கதை அது, ஏனென்றால் அங்கே காகம் பாடுவதுதான் சம்பவமே. நரி காகத்தைப் பாடவைக்கவேண்டும். வழக்கமாக எழுதுகிறவர் என்ன செய்வார்? ஒரு சரணம் காகத்தின் நிறத்துக்கு, ஒன்று கண்ணுக்கு, ஒன்று நடைக்கு. எதை முன்னால் போட்டாலும் ஒன்றுதான். நரி புகழ்ந்துகொண்டே இருக்கும், காகம் கிளையில் உட்கார்ந்தே இருக்கும். ஏன் திடீரென்று வாயைத் திறந்தது என்பதற்குக் காரணமே இருக்காது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். முதலில் புகழ்ச்சி.

கறுப்பென்று இகழ்ந்தவர் கண் குருடோ – உன்
சிறகுக்கு மழைமேகம் இணையாகுமோ?

காகம் அசையாது. புகழ்ச்சியை அது முன்பே கேட்டிருக்கிறது. வடையை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். நரியின் முதல் அஸ்திரம் வீண். ஆகவே வழியை மாற்றும்.

தோப்பிலே குயிலொன்று சொல்லக் கேட்டேன் – அந்த
வார்த்தையை உன்னிடம் சொல்ல மாட்டேன்.

இப்போது காகம் ஒரு கிளை கீழே இறங்கும். சொல்ல மாட்டேன் என்றால் யாருக்குத்தான் காது நீளாது? வரைகிறவனுக்கும் வேலை கிடைத்துவிட்டது. காகத்தின் கழுத்து, கண், ஒரு தத்தல். அடுத்தது வலை.

காகத்தின் தொண்டையில் பாட்டில்லையாம் – நீ
மௌனமாய் இருந்தாலே அது மெய்தானாம்.

இந்த இரண்டாவது அடியில்தான் கதை திரும்புகிறது. அதுவரை சும்மா இருப்பது காகத்துக்குப் பாதுகாப்பு. இனிமேல் சும்மா இருந்தால் தோல்வி. உர்சுலா 'எனக்கு நேரமில்லை' என்று ஏரியலை நெருக்கியதும் இதே வித்தைதான். எதிராளி தயங்கி நிற்க இடமில்லாமல் செய்வது.

அதன்பின் வாத்தியம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன். நிமிஷத்துக்கு 120 தட்டு என்று தாளம் வைத்தால் ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு பிரேம் வரும். நான்கு தட்டு சும்மா விட்டால் 48 பிரேம், இரண்டு வினாடி. காகத்தின் முகம் மட்டும். ரோஷம் ஏறுகிறது. குழந்தைகள் 'வேண்டாம், வேண்டாம்' என்று கத்த அந்த இரண்டு வினாடி போதும். பிறகு 'கா!' என்ற ஒரே சொல். அதுதான் பாட்டின் கடைசிச் சொல், அதுதான் வடை விழும் நொடி.

இந்த மூன்றையும் வரிசை மாற்றிப் பாருங்கள். வலையை முதலில் போட்டால் குயில் சொன்ன ரகசியத்துக்கு அர்த்தம் இல்லை. புகழ்ச்சியைக் கடைசியில் போட்டால் காகம் வாயைத் திறக்காது. ஒன்று தோற்றதால் அடுத்தது வருகிறது. வரிகள் பெரிய கவிதை ஒன்றும் இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு காரியம் செய்கிறது.

இதைச் சொல்லப்போய்த்தான் எனக்கு ஒரு முறை மனஸ்தாபம் வந்தது. ஒரு வெளிநாட்டுப் படம். பொழுது விடிவதற்குள் மலையைத் தாண்டாவிட்டால் தம்பி கல்லாகிவிடுவான் என்ற விஷயம் பாட்டில் மட்டுமே வரும். நான் அதைத் தமிழில் வைத்து எழுதியிருந்தேன். வாயசைவுக்கு உதடு சேருமிடத்தில் 'ப', 'ம' விழும்படி பார்த்துப் பார்த்துச் செய்தது. வேலை கொடுத்தவர் படித்துவிட்டு, இதில் இனிமை இல்லையே, பாச மழை, நேச மலர் என்று போடுங்கள், மெட்டுக்குள் உட்கார்ந்தால் போதும் என்றார். நான் மறுத்தேன். வேறொருவர் எழுதினார். மெட்டுக்குள் உட்கார்ந்தது, உதடும் சேர்ந்தது. படம் டிவியில் வந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் என்னிடம் கேட்டான், 'அந்தப் பொண்ணு எதுக்கு தாத்தா அவ்வளவு அவசரமா ஓடுறா?' என்று. காரணத்தைத்தான் மலர் போட்டு மூடிவிட்டார்களே.

குழந்தைகளுக்கு என்ன புரியப்போகிறது என்ற அலட்சியம்தான் இதற்கெல்லாம் வேர். குழந்தைக்குப் புரியாமல் போவதில்லை, கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் விடுகிறோம். பாட்டில் கதை இருந்தால் ஐந்து வயதுப் பிள்ளை மூன்று நாள் கெடுவை விரல்விட்டு எண்ணும். பாட்டில் மலர் மட்டும் இருந்தால் அதுவும் நம்மைப் போலவே தின்பண்டம் தேடி எழுந்து போகும்.

அடுத்த முறை பேரனோ பேத்தியோ கார்ட்டூன் போட்டால் பாட்டு நேரத்தில் எழுந்து போகாமல் உட்காருங்கள். தொடங்கும்போது யாருக்கு என்ன வேண்டும் என்று கவனியுங்கள். முடிந்ததும் என்ன மாறியது என்று குழந்தையைக் கேளுங்கள். அது ஒரு வாக்கியத்தில் பதில் சொன்னால் எழுதியவர் தன் வேலையைச் செய்திருக்கிறார். 'நல்லா ஆடினாங்க தாத்தா' என்று மட்டும் சொன்னால், அடுத்த பாட்டுக்குத் தாராளமாகக் காபி போடப் போங்கள்.